காகிதத்தில் மட்டும் இருந்த டிவிஷன்கள்

1944 ஜூன் 6 மாலை. நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி ஒரு பகல் முடிந்திருந்தது. ஜெர்மன் ராணுவத் தலைமையில், பிரிட்டன் மற்றும் அமெரிக்கப் படைகளைப் பற்றிக் கணக்கு வைத்திருந்த 'மேற்கு அயல்படைகள்' பிரிவு அன்றைய நிலவர அறிக்கையை எழுதியது. அதன் தலைவர் கர்னல் அலெக்சிஸ் ஃபான் ரோன்ன. அறிக்கையின் வாதம் எளிமையானது. தென் இங்கிலாந்தில் எதிரியிடம் ஏறத்தாழ 60 பெரிய படைப்பிரிவுகள் இருக்கின்றன. நார்மண்டியில் இறங்கியவை மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு. தேம்ஸ் நதியின் இரு பக்கமும் காத்திருக்கும் அமெரிக்க முதல் படைத் தொகுதியின் 25 டிவிஷன்களில் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. ஆகவே இன்னொரு பெரிய தரையிறக்கம் பாக்கி இருக்கிறது.

கழித்தல் கணக்கில் பிழையில்லை. எதிலிருந்து கழித்தார்களோ அந்த எண்ணில்தான் பிழை. அந்த 25 டிவிஷன்களில் பல உலகத்தில் எங்குமே இல்லை. இருந்த சிலவும் நார்மண்டிக்குப் போக வேண்டியவை.

எதிரியிடம் என்னென்ன படைப்பிரிவுகள் உள்ளன, எது எதன் கீழ் இயங்குகிறது, யார் தளபதி, எங்கே நிற்கிறது, எவ்வளவு வலு என்று தொகுக்கும் பதிவை ராணுவத்தில் 'ஆர்டர் ஆஃப் பேட்டில்' என்கிறார்கள். தமிழில் படையணி அட்டவணை எனலாம். இதைச் செய்பவர்களின் மேசையில் எதிரியின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு ஜாதகம் இருக்கும். எப்போது, எங்கே உருவானது, எந்தப் போரில் எவ்வளவு அடிபட்டது, கடைசியாக எங்கே, எந்தத் தேதியில் காணப்பட்டது என்று அட்டையில் எழுதியிருக்கும். புதுத் தகவல் ஒவ்வொன்றும் அந்த அட்டைக்குத்தான் வந்து சேரும்.

தகவல் பெரும்பாலும் சில்லறையாகத்தான் கிடைக்கும். பிடிபட்ட ஜெர்மன் சிப்பாயின் சட்டைப்பையில் சம்பளப் புத்தகம் இருக்கும். அவன் எந்தெந்தப் பிரிவில் இருந்தான் என்ற விவரம் அதில் உண்டு. வீட்டிலிருந்து வந்த கடிதத்தின் உறையில் ராணுவத் தபால் எண் இருக்கும். தோள்பட்டைச் சின்னம், லாரியில் தீட்டிய குறி, கல்லறைச் சிலுவையில் எழுதிய பிரிவின் பெயர், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி, ஒட்டுக்கேட்ட வானொலிப் பேச்சு என எல்லாமே உதவும். ஒரு படையின் உள்ளமைப்புக்கு விதி உண்டு என்பதால், ஒரு துண்டு கிடைத்தால் முழுதையும் ஊகிக்கலாம். 726-வது ரெஜிமெண்ட்டின் சிப்பாய் ஒருவன் பிடிபட்டால், அது 716-வது டிவிஷனைச் சேர்ந்தது என்று அட்டை சொல்லும். அந்த டிவிஷனில் எத்தனை பட்டாலியன், எத்தனை பீரங்கி என்ற கணக்கும் கூடவே வரும்.

இந்த இடத்திலேயே முதல் ஆபத்தும் இருக்கிறது. 'டிவிஷன்' என்பது நிறுத்தல் அளவை அல்ல. 1944-ல் ஒரு ஜெர்மன் காலாட்படை டிவிஷனில் விதிப்படி ஏறத்தாழ 12,500 பேர் இருக்க வேண்டும். நார்மண்டிக் கரையில் காவல் நின்ற 716-வது டிவிஷனில் இருந்தவர்கள் சுமார் 7,800 பேர்தான். லாரிகள் குறைவு. நின்ற இடத்தில் நின்று சுடத்தான் அதனால் முடியும். சோவியத் கைதிகளிலிருந்து சேர்த்த பட்டாலியன்களும் அதில் இருந்தன. அட்டைகளை மட்டும் எண்ணுகிறவனுக்கு இதுவும் ஒரு டிவிஷன், முழு ஆள்பலமும் டாங்கிகளும் உள்ள பான்சர் டிவிஷனும் ஒரு டிவிஷன். ஆகவே தேர்ந்த அலுவலர் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஆள்பலம், வாகனம், பயிற்சி, போர் அனுபவம் ஆகியவற்றை எழுதி, 'இது பாதி டிவிஷனுக்குச் சமம்' என்பதுபோல் மதிப்பிடுவார்.

இந்த வேலையில் நேசநாட்டவர் திறமைசாலிகள். பிரான்சில் நின்ற ஜெர்மன் டிவிஷன்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் முன்கூட்டியே சரியாக அடையாளம் கண்டிருந்தார்கள். ஆனால் ஒன்றில் தவறினார்கள். கிழக்குப் போர்முனையில் சிதைந்த பிரிவுகளின் எஞ்சியவர்களையும் இளைஞர்களையும் சேர்த்து 1943 இறுதியில் உருவான 352-வது டிவிஷன், கரையிலிருந்து உள்ளே தள்ளி சென் லோ நகரின் பக்கம் இருப்பதாக அட்டை சொன்னது. 1944 மார்ச்சில் அது கரைக்கே நகர்ந்துவிட்டது. பிரான்சில் ஜெர்மானியர் தொலைபேசிக் கம்பிகளில் பேசிக்கொள்ள முடிந்ததால் வானொலியில் பிடிக்க அதிகம் இருக்கவில்லை. சண்டையே நடக்காத கரையில் கைதிகளும் கிடைக்கவில்லை. கடைசி நாட்களில் சிலருக்குச் சந்தேகம் எழுந்தும், படகில் ஏறிய சிப்பாய்களுக்கு அது உதவவில்லை. ஒமாஹா கரையில் பலவீனமான 716-வது டிவிஷனின் ஆட்களை எதிர்பார்த்து இறங்கிய அமெரிக்கர்கள், அவர்களோடு 352-வது டிவிஷனின் துப்பாக்கிகளையும் சந்தித்தார்கள். அன்று ஐந்து கரைகளில் மிக அதிக ரத்தம் சிந்தியது அங்கேதான். அட்டையில் இருந்த தகவல் பொய்யல்ல, பழையது. கடைசியாகப் பார்த்த தேதி எவ்வளவு பின்னால் போகிறதோ, அவ்வளவுக்கு அந்த அட்டையின் மேல் நம்பிக்கை குறைய வேண்டும்.

ஜெர்மானியரின் தவறு வேறு வகை, இன்னும் ஆழமானது. மே மாத இறுதியில் பிரிட்டனில் 80-க்குச் சற்றுக் குறைவான டிவிஷன்கள் இருப்பதாக அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். உண்மையில் இருந்தவை சுமார் 50. இந்த உபரி ஒரே நாளில் முளைத்ததல்ல. எதிரியின் அட்டைப் பெட்டிக்குள் போலி டிவிஷன்களை மெல்ல மெல்ல நுழைக்கும் வித்தையை, கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி டட்லி கிளார்க் 1942-லிருந்தே மத்தியதரைக்கடல் பகுதியில் செய்துவந்தார். அவர் கண்ட உண்மை இது: ஒரு திட்டத்துக்காக அவசரமாகப் படைத்த பொய் நிற்காது, மாதக்கணக்கில் வளர்த்த பொய்ப் படையை எதிரியே தன் கணக்கில் வைத்துக் காப்பாற்றுவான்.

1944-ல் 'ஃபோர்டிட்யூட்' என்ற திட்டத்தில் அதே வித்தை இங்கிலாந்துக்கு வந்தது. கலே துறைமுகத்துக்கு எதிரே, தென்கிழக்கு இங்கிலாந்தில், ஜெனரல் பேட்டன் தலைமையில் ஒரு படைத் தொகுதி உருவானது. பேட்டன் நிஜம். அவருக்குக் கீழே காட்டிய பிரிவுகளில் சில நிஜம், சில கற்பனை. ஒரு சிறு சிக்னல் பிரிவு ஒரு பெரும் படையே பேசுவதுபோல் வானொலியில் செய்திகளைப் பரிமாறியது. இல்லாத டிவிஷன்களுக்குத் தோள்பட்டைச் சின்னங்கள் வரைந்தார்கள். போலித் தரையிறங்கு படகுகள் நதிமுகங்களில் மிதந்தன.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது உளவாளிகளின் கடிதங்களும் செய்திகளும்தான். பிரிட்டனில் இருந்த ஜெர்மன் உளவாளிகள் ஒவ்வொருவரும் பிரிட்டிஷ் உளவுத்துறையின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் 'கார்போ' என்ற மறைபெயர் கொண்ட ஸ்பெயின்காரர் ஹுவான் பூஜோல். அவருக்குக் கீழே 27 துணை உளவாளிகள் இருப்பதாக ஜெர்மானியர் நம்பினார்கள். அத்தனை பேரும் கற்பனை. துணை உளவாளி 'இன்ன ஊரில் இன்ன சின்னம் அணிந்த சிப்பாய்களைப் பார்த்தேன்' என்று எழுதுவார். ஒட்டுக்கேட்ட வானொலியும் அதையே சொல்லும். ஃபான் ரோன்னயின் அலுவலகத்தில் இரண்டும் பொருந்தும். அட்டை உறுதியாகும்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துவந்தால் ஏற்கலாம். இதில் உயிரான பகுதி 'ஒருவரை ஒருவர் அறியாத' என்பதுதான். ஜெர்மானியரிடம் பல வாய்கள் பேசின, ஆனால் பின்னால் இருந்த கை ஒன்று. தங்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க அவர்களிடம் இருந்த ஒரே வழி விமானப் படம். நேசநாட்டு விமானப்படை ஆதிக்கம் செலுத்திய வானில் அதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்றும் உளவு அலுவலகங்களில் தகவலுக்கு இரண்டு தனித்தனி மதிப்பெண் தருகிறார்கள்: சொன்னவரின் நம்பகத்துக்கு ஓர் எழுத்து, சொன்ன செய்தியின் நம்பகத்துக்கு ஓர் எண். செய்தி வேறோர் ஊற்றிலிருந்து உறுதியானதா என்பதுதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. ஊற்று உண்மையிலேயே வேறா என்று விசாரிக்காவிட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

ஜூன் 9 அதிகாலை கார்போ ஒரு நீண்ட செய்தி அனுப்பினார். பேட்டனின் படைகள் நகரவே இல்லை, நார்மண்டி ஒரு திசைதிருப்பல், உண்மையான அடி கலேயில் விழும் என்பது அதன் சாரம். அப்போது பெல்ஜியத்திலிருந்து நார்மண்டிக்குப் புறப்படவிருந்த 1-வது எஸ்.எஸ். பான்சர் டிவிஷனை நிறுத்திவைத்தார்கள். அந்த ஒரு செய்திதான் காரணம் என்று சொல்வது மிகை. இரண்டு ஆண்டுகளாகப் பருத்த அட்டவணை அதற்கு முன்பே அந்த முடிவை ஆயத்தமாக வைத்திருந்தது. உபரியாக 25 டிவிஷன் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு, அது எங்கோ வரத்தான் போகிறது என்பது தவிர்க்க முடியாத முடிவு. பலத்தில் செய்த பிழை அப்படியே நோக்கத்தின் பிழையாக மாறியது. கலே பகுதியைக் காத்த 15-வது ராணுவத்தின் பெரும்பகுதி ஜூலை வரை வராத எதிரிக்காகக் காத்திருந்தது.

அதைத் தடுத்திருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. டிவிஷன் கடலை நடந்து கடக்காது. முதல் நாளில் நேசநாட்டவரால் கடல்வழி இறக்க முடிந்தது ஐந்து டிவிஷன்கள் அளவு, வான்வழி மூன்று. அதற்கே தரையிறங்கு படகுகள் போதாமல், மே மாதத்துக்குத் திட்டமிட்ட படையெடுப்பை ஜூனுக்குத் தள்ளினார்கள். இன்னொரு பெருந்தாக்குதலுக்கான படகுகள் இங்கிலாந்தில் இல்லவே இல்லை. படையணி அட்டவணை எதிரியால் என்ன முடியும் என்பதைச் சொல்லும் கருவி. என்ன செய்வான் என்பதற்கு அவன் சுமையைப் பார்க்க வேண்டும்: படகு, எரிபொருள், பாலம் அமைக்கும் பிரிவு, கள மருத்துவமனை. பயமுறுத்துவதற்கு டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். காயம்பட்டவனுக்கு ஏற்றும் ரத்தம் கெட்டுப்போகும் பொருள். அதைச் சும்மா கொண்டுவரமாட்டார்கள். 2022 ஜனவரியில் உக்ரைன் எல்லையில் குவிந்த ரஷ்யப் படைகளுக்கு ரத்தமும் வந்து சேர்வதாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னபோது, அதற்குத் தனி எடை கிடைத்தது இதனால்தான். பிப்ரவரி 24-ல் படையெடுப்பு தொடங்கியது.

இனி ஒரு நாட்டு எல்லையில் ஒரு லட்சம் வீரர்கள் குவிந்தார்கள் என்று செய்தி படித்தால், அந்த எண்ணோடு நிற்க வேண்டாம். அதை எண்ணியவர் யார், அந்த எண்ணை உறுதிசெய்தவர் வேறு ஆளா, அந்தப் படையின் பின்னால் என்னென்ன லாரிகள் நிற்கின்றன என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள்.