‘நமது நிருபர்’ என்றால் யார்?

காரைக்கால் பாரதியார் சாலையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்குத் தம்பி ஒருவர் வருவார். ஏழு வருஷமாக ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். போன வாரம் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினார். சென்னையில் ஓர் இணைய இதழில் உதவி ஆசிரியர் வேலைக்கு அனுப்பப் போகும் ரெஸ்யூமே. நான் உதவி ஆசிரியராகவே ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார்.

“ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகள்” என்று முதல் வரி. அதில் நாலைக் காட்டுங்கள் என்றேன். ஒரு கணம் தயங்கினார். “எல்லாமே ‘நமது நிருபர்’னுதான் சார் வரும்.”

சிற்றூர் நிருபர்களின் முதல் சிக்கல் இதுதான். சென்னையில் எழுதுகிறவருக்குப் பெயர் போட்ட பக்கம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இங்கே உழைப்பு இருக்கும், பெயர் இருக்காது. பாரதிக்கே இந்தக் கதிதான். 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர், பிறகு ‘இந்தியா’வில் எழுதிக் குவித்தார், பத்திரிகை 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பின்னும் எழுதினார். பெயரில்லாமலும் காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் என்ற புனைபெயர்களிலும் வந்தவற்றில் எது அவருடையது என்று பிரித்தெடுக்க சீனி. விசுவநாதன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருந்தது. நம் தம்பிக்கு அப்படி யாரும் உட்கார்ந்து தேட மாட்டார்கள். விண்ணப்பத்தைப் பிரிப்பவர் ஒரு நிமிஷம் பார்ப்பார். நம்பும்படி இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுவார்.

பெயரில்லாத செய்தியை நம் செய்தி என்று எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று பொருள் வேண்டும் என்றேன். ஒன்று, அச்சான பக்கத்தின் படம். அதில் தேதி, பதிப்பு, பக்க எண் தெரிய வேண்டும். செய்தியை மட்டும் கத்தரித்து ஒட்டினால் அது எந்த ஊர்ப் பத்திரிகை என்றே தெரியாது. இரண்டு, அன்றைக்கு அலுவலகத்துக்கு அனுப்பிய மூலப்பிரதி, அனுப்பிய தேதியோடு. மூன்று, கேட்டால் ‘ஆமாம், இவர் எழுதியதுதான்’ என்று சொல்லக்கூடிய ஒருவரின் பெயர். மாவட்ட நிருபரோ செய்தி ஆசிரியரோ, அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு. மூலப்பிரதியையும் அச்சானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் தெரியும்: தலைப்பும் முதல் பத்தியும் டெஸ்க்கில் மாறியிருக்கலாம். அதை மறைக்க வேண்டாம், ‘தலைப்பு டெஸ்க்கில் வைத்தது’ என்று ஒரு வரி எழுதுங்கள் என்றேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்கு எடுப்பவர் நேர்காணலில் “இந்தத் தலைப்பு ஏன் இப்படி வைத்தீர்கள்?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றதும் குறித்துக்கொண்டார்.

எத்தனை மாதிரி? ஐந்து போதும். அவர் பட்டியலில் இருபத்தேழு இருந்தன. அதில் பெரும்பாலானவை திறப்பு விழாவும் விபத்தும்தான். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுவை அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்ததே, அந்த வாரம் அவர் அனுப்பியவை எங்கே என்று கேட்டேன். பதினெட்டாம் இடத்தில் கிடந்தன. மருத்துவமனை, குடிநீர்க் குழாய், பள்ளி விடுமுறை என்று ஒரே விஷயத்தை நாள்தோறும் தொடர்ந்து எழுதிய ஒன்பது செய்திகள். ஒருவர் ஒரு விஷயத்தை விடாமல் பின்தொடர்வார் என்பதைக் காட்ட அதைவிட வேறு என்ன வேண்டும்? அதில் முதலாவதையும் கடைசியையும் மாதிரியாக எடுத்து, நடுவில் ஏழு வந்தன என்று சொன்னால் போதும். அதை மேலே ஏற்றினோம்.

அடுத்து இணைப்புகள். தம்பி எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுத்திருந்தார். என் போனில் தட்டினேன். அனுமதி கேட்கச் சொல்லி ஒரு பக்கம் வந்தது. அவர் போனில் திறக்கும், ஏனென்றால் அது அவர் கணக்கு. டிரைவில் ‘Anyone with the link’ என்று மாற்றிவிட்டு, பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அனுமதி கேட்டு மெயில் போட்டுக் காத்திருக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

பத்திரிகையின் சொந்த இணையதள இணைப்பு இருக்கிறதே என்றால், அது நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் அறுந்துபோவதை நாமே பார்த்திருக்கிறோம். அதனால் செய்தி வந்த அன்றே web.archive.org/save என்ற பக்கத்தில் அதன் முகவரியை ஒட்டினால் ஒரு பிரதி தேதியோடு அங்கே தங்கிவிடும். எல்லாத் தளமும் அதற்கு இடம் கொடுக்காது, சந்தா கட்டிப் படிக்கும் பக்கமும் ஒழுங்காகப் பதியாது. அதற்குத்தான் கையில் ஒரு பிடிஎஃப்.

பிடிஎஃபிலும் நமக்கென்று ஒரு வம்பு உண்டு. தம்பியின் ரெஸ்யூமே பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் அம்மா என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய எழுத்துருவில் வடிவமைத்த செய்தித்தாள் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினாலும் அதே கதி. கண்ணுக்குப் படிக்க முடிகிற பக்கம் கணினியின் தேடலில் அகப்படாது. ஆகவே ரெஸ்யூமே யூனிகோடில், மூலப்பிரதியும் யூனிகோடில், அச்சுப் பக்கம் படமாக இருந்தால் போதும்.

இரண்டாவது டீ வந்தபோது ‘வாசகர் எண்ணிக்கை: 5 லட்சம்’ என்ற வரிக்கு வந்திருந்தோம். யாருடைய வாசகர்கள்? பத்திரிகையின் வாசகர்கள். அதில் எத்தனை பேர் ஆறாம் பக்கத்தின் கீழ்ப்பாதியைப் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடித்துவிட்டோம். ஆனால் அவரிடம் உண்மையான கணக்கு ஒன்று இருந்தது, அதைச் சொல்லவே இல்லை. திருநள்ளாற்றில் ஒரு தங்கும் விடுதியின் தளத்துக்குப் பயண வழிகாட்டிக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். விடுதிக்காரர் கூகுள் சர்ச் கன்சோலைப் பார்க்க அனுமதியும் தந்திருக்கிறார். 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் தேடல் முடிவுகளில் தெரிந்தது 40,000 தடவை. தட்டி உள்ளே வந்தவை 1,200. அதாவது நூற்றுக்கு மூன்று. தெரிந்ததை இம்ப்ரெஷன் என்கிறார்கள், தட்டியதைக் கிளிக் என்கிறார்கள். இந்த நாற்பதாயிரத்தைத்தான் பலர் ‘என்னைப் படித்தவர்கள்’ என்று எழுதுகிறார்கள். அது தேடுபவரின் திரையில் வந்து போன கணக்குத்தான்.

இதிலும் ஒரு நேர்மை வேண்டும். அந்த டிசம்பர் 20-ஆம் தேதிதான் சனிப்பெயர்ச்சி. ஊரே திருநள்ளாற்றைத் தேடிய மூன்று மாதம். கூட்டம் சனீஸ்வரரால் வந்ததா, தம்பியின் எழுத்தால் வந்ததா? அதனால் அமைதியான ஒரு காலத்தையும் பக்கத்தில் போடச் சொன்னேன்: 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை 310 கிளிக். எண் சிறிதாகிவிட்டதே என்றார். சிறிதுதான், ஆனால் திருவிழா இல்லாத நாளிலும் தேடி வருகிறார்கள் என்று அது சொல்கிறது, காலம் போட்டிருப்பதால் நம்பவும் முடிகிறது. சர்ச் கன்சோலில் பதினாறு மாதத்துக் கணக்குதான் இருக்கும், பழையது போய்விடும். நல்லவேளை, அப்போதே திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

‘குறித்த நேரத்தில் பணி முடிப்பவர்’ என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. யார்தான் தாமதமாகத் தருவேன் என்று எழுதுவார்கள்? நேரத்தைக் காட்டுங்கள் என்றேன். உதாரணத்துக்கு, அந்த டிசம்பர் 20-ஆம் தேதி சனிப்பெயர்ச்சி மாலை 5.20-க்கு. மாவட்டப் பக்கமோ நகரப் பக்கத்துக்கு முன்பே முடியும், கட்டுகள் லாரியில் ஊர் ஊராகப் போக வேண்டுமே. தம்பி என்ன செய்தார் என்று வாட்ஸ்அப்பில் பார்த்தோம். காலையிலேயே கோயில் வரலாறு, பேருந்து ஏற்பாடு, வரிசை எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டார். 5.46-க்குத் தீபாராதனைப் படமும் நாலு வரியும். 7.10-க்குப் போலீஸ் அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்த விவரங்களுடன் முழுச் செய்தி. இதை அப்படியே ஒரு வாக்கியமாக எழுதினோம்: ‘2023 சனிப்பெயர்ச்சி: நிகழ்வு மாலை 5.20, படமும் முதல் செய்தியும் 5.46, முழுச் செய்தி 7.10, மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டியிருக்கவில்லை.’ கடைசித் துண்டு முக்கியம். வேகமாக அனுப்பி மறுநாள் ‘வருந்துகிறோம்’ போட வைத்தவர்களை நான் நிறையச் சமாளித்திருக்கிறேன்.

விண்ணப்பிப்பது உதவி ஆசிரியர் வேலைக்கு, ஆனால் திருத்தும் திறமைக்கு ஒரு மாதிரிகூட இல்லை. ‘எடிட்டிங் தெரியும்’ என்று மட்டும் இருந்தது. ஒரு பக்கத்தில் இடப்பக்கம் பிரதி, வலப்பக்கம் திருத்தியது, அடியில் காரணம். இப்படி ஒன்று வேண்டும். சக நிருபரின் பிரதியைப் போடக் கூடாது, அது அவரைக் காட்டிக்கொடுப்பது. தன் பழைய பிரதியே போதும். போனில் தேடி ஒன்றை எடுத்தார்:

“நாகப்பட்டினம் மாவட்டம் காரைக்காலில் நடைபெற்ற மாங்கனித் திருவிழாவை முன்னிட்டு, பக்தர்களின் வசதிக்காக மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் குடிநீர் வசதிகள் செய்து தரப்பட்டு இருந்தது குறிப்பிடத்தக்கது.”

டீக்கடை பெஞ்சிலேயே வெட்டினோம்:

“காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் குடிநீர் ஏற்பாடு செய்திருந்தது.”

பதினெட்டுச் சொல் ஒன்பதாயிற்று. ‘வசதிகள்’ பன்மை, ‘இருந்தது’ ஒருமை, அது போனது. ‘குறிப்பிடத்தக்கது’ என்பதற்கு வேலையே இல்லை, குறிப்பிட்டாயிற்றே. எத்தனை இடத்தில் குடிநீர் என்ற கேள்வியை ஓரத்தில் எழுதினோம், ஏனென்றால் திருத்துகிறவர் வெட்டுவதோடு நிருபரைக் கேட்கவும் வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை முதல் இரண்டு சொல்லில். காரைக்கால் நாகை மாவட்டமே இல்லை. சுற்றிலும் தமிழ்நாடு என்றாலும் இது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். இங்குள்ள ஐந்து தொகுதிகளும் புதுவைச் சட்டமன்றத்தில். சென்னை டெஸ்க்குகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். மீனவர் கைதானால் எந்த முதல்வரிடம் முறையிட்டார்கள் என்பதே மாறிப்போகும். இதைக் கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் பிடிக்கத் தெரிந்தவர் என்பதே இந்த ஊர்க்காரருக்கு ஒரு தகுதி. அதையும் காரணப் பட்டியலில் சேர்த்தோம்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் தாளை மடிக்கும்போது மேலே முகவரியைப் பார்த்தேன். ‘காரைக்கால் 609602, தமிழ்நாடு.’

விரலை வைத்துக் காட்டினேன். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார்.