சூரை மீன் அறிக்கையில் எந்த எண்ணை முதலில் பார்ப்பது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் நாட்கணக்கில் கடலில் நின்று சூரை பிடிக்கின்றன. ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைப்பது தீராத பிரச்சினையாக இருப்பதால், பிடித்த மீனைக் கரைசேர்ப்பதே இங்கு ஒரு பாடு. இந்த நேரம் முழுவதும் மீனுக்குள் ஒரு வேதிமாற்றம் காத்திருக்கிறது. சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. ஐஸ் குறைந்து மீன் சூடேறினால் சில பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி மாறிய மீனைத் தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடலெங்கும் தடிப்பு எழும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்றே எண்ணிக்கொள்வர். பொரித்தாலும், ஆணம் வைத்தாலும், ரின்னில் அடைத்து அவித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. நாற்றமடிக்காத மீனிலும் அது இருக்கலாம். ஆகவே மூக்கை நம்ப முடியாது. ஆய்வுகூடத்தின் எண்ணைத்தான் நம்பவேண்டும்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான சான்றுதான் பகுப்பாய்வு முறையை வலிதாக்கல். தரக் கட்டுப்பாட்டு அறிக்கையில் அது மூன்று சொற்களாக வந்து நிற்கும்: கண்டறியும் எல்லை, திட்பம், மீட்பு. வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்கிறார்கள். ஆய்வுகூடங்களும் அதையே பெருமையாகக் காட்டுகின்றன. சூரையைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. முதலில் பார்க்கவேண்டியது மீட்பு. ஏன் என்பதைக் காண ஹிஸ்டமினை அளக்கும் வேலைக்குள்ளேயே போகவேண்டும்.

பழைய, இன்றும் பரவலாகப் பயன்படும் முறை ஏஓஏசி 977.13. அரைத்த மீன் 10 கிராமை மெதனோலுடன் கலக்கி, 60 பாகை செல்சியசில் 15 நிமிடம் வைத்து, ஆறியதும் 100 மில்லிலீற்றராக்கி வடிகட்டுவார்கள். வடிதிரவம் அயன் பரிமாற்றப் பிசின் நிரப்பிய சிறு குழாய் வழியே போகும். ஹிஸ்டிடின் அங்கே பிடிபட, ஹிஸ்டமின் இறங்கிவரும். பிறகு காரமூட்டி, ஓ-தலால்டிஹைட் என்னும் சேர்வையைச் சேர்த்து, சரியாக 4 நிமிடம் கழித்துப் பொசுபோரிக் அமிலத்தால் தாக்கத்தை நிறுத்துவார்கள். ஒளிரும் கரைசலின் ஒளிர்வை அளந்து, செறிவு தெரிந்த நியமக் கரைசலின் ஒளிர்வோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் கேட்பது திரவ நிறப்பகுப்பியல் முறையை. கருவி வேறானாலும் கீழே சொல்லும் நியாயங்கள் அதற்கும் பொருந்தும். ஐரோப்பாவின் விதி இது: ஒரு தொகுதியிலிருந்து 9 மாதிரிகள், அவற்றின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, இரண்டு மாதிரிகள் மட்டும் 100க்கும் 200க்கும் இடையில் இருக்கலாம், ஒன்றுகூட 200ஐத் தாண்டக்கூடாது. இனி வரும் அளவுகளும் இதே அலகில்தான்.

கண்டறியும் எல்லையை எடுத்துக்கொள்வோம். ஐஸ் குறையாத புது மீனை அரைத்து, மிகச் சிறிதளவு ஹிஸ்டமின் சேர்த்து, பத்துப் பங்காக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே முதலிலிருந்து கடைசிவரை சோதிக்கவேண்டும். பத்து விடைகளும் ஒன்றாக இரா. அவற்றின் சிதறலை, அதாவது நியம விலகலை, 0.6 என்று வைத்துக்கொள்வோம். அதன் மூன்று மடங்கான 1.8 கண்டறியும் எல்லை. பத்து மடங்கான 6 அளவிடும் எல்லை. 1.8க்குக் கீழே கருவி காட்டுவதை மீனின் பின்னணி ஒளிர்விலிருந்து பிரித்தறிய முடியாது. 1.8க்கும் 6க்கும் இடையில் ஹிஸ்டமின் இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு என்று எண் எழுதக்கூடாது. ஆகவே அறிக்கையில் வரும் ‘கண்டறியப்படவில்லை’ என்பதற்கு இல்லை என்று பொருளல்ல. இந்த ஆய்வுகூடத்தின் முறையில் 1.8க்குக் குறைவு என்பதே பொருள். எல்லையை எழுதாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதும் அறிக்கை பாதி வாக்கியம்தான். இதில் ஒரு குறுக்குவழியும் உண்டு. மீனே இல்லாத தூய கரைசலை, அதுவும் ஒரே குப்பியிலிருந்து பத்துமுறை அளந்தால் சிதறல் மிகச் சிறிதாக வரும்; எல்லையும் கவர்ச்சியாக இறங்கும். ஆனால் அது கருவியின் எல்லை. மீனை அரைத்து, வடிகட்டி, பிசின் வழியே இறக்கும் முறையின் எல்லை அல்ல.

இருந்தும், சூரைக்கு இந்த எல்லை அவ்வளவு முக்கியமில்லை. சட்ட வரம்பு 100 என்னும்போது கொடெக்ஸ் விதிப்படி கண்டறியும் எல்லை 10ஐயும் அளவிடும் எல்லை 20ஐயும் தாண்டாதிருந்தால் போதும். மேலே சொன்ன முறை அதைச் சிரமமின்றி நிறைவேற்றும். எங்கள் எல்லை 0.05 என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 98ஐயும் 104ஐயும் பிரித்துச் சொல்ல அது உதவாது. 2021இல் இலங்கையில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளரொக்சின் கண்டுபிடிக்கப்பட்டபோது நிலைமை வேறு. அங்கே வரம்பு கிலோவுக்குச் சில மைக்ரோகிராம்தான். கண்டறியும் எல்லை சற்று உயர்ந்தாலே கெட்ட எண்ணெய் நல்லதாகத் தேறிவிடும். எந்த எண் முக்கியம் என்பதை வரம்பு எங்கே நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இனி மீட்பு. மீனிலுள்ள ஹிஸ்டமின் முழுவதும் கருவிவரை வந்து சேர்வதில்லை. கொஞ்சம் தசையிலேயே தங்கும், கொஞ்சம் வடிதாளில், கொஞ்சம் பிசினில். எவ்வளவு வந்து சேர்கிறது என்றறிய, தெரிந்த அளவைச் சேர்த்துத் திரும்பப் பெற்றுப் பார்க்கிறோம். 10 கிராம் மீனில் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் ஹிஸ்டமின் உள்ள கரைசலில் 1 மில்லிலீற்றர் சேர்த்தால், கிலோவுக்கு 100 சேர்த்ததாகும். சேர்க்காத மீன் 4 காட்டியது, சேர்த்த மீன் 95 காட்டியது என்றால், திரும்பி வந்தது 91. மீட்பு 91 சதவீதம். இந்தச் செறிவில் 90க்கும் 107க்கும் இடையில் மீட்பு இருக்கவேண்டும் என்பது ஏஓஏசியின் எதிர்பார்ப்பு. எனவே இந்த ஆய்வுகூடம் தேறிவிட்டது. இப்போது அதே ஆய்வுகூடத்துக்கு ஒரு தொகுதி வருகிறது, சராசரி 94. தேறிய மீன். ஆனால் இழந்த 9 சதவீதத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் 94ஐ 0.91ஆல் வகுக்க 103 வரும், தேறாத மீன். இரண்டில் எதை எழுதுவது என்ற விவாதம் வேதியியலாளரிடையே நெடுநாளாக உண்டு. எதை எழுதினாலும், திருத்தியதா திருத்தாததா, மீட்பு எத்தனை சதவீதம் என்று பக்கத்திலேயே சொல்லாத அறிக்கை வாங்குபவரை இருட்டில் விடுகிறது.

மீட்பு நன்றாக வந்துவிட்டால் விடை சரி என்று எண்ணுவதும் பிழை. கடையில் வாங்கும் ஹிஸ்டமின் பெரும்பாலும் இருஹைட்ரோகுளோரைட்டு உப்பாக வருகிறது. அதன் மூலக்கூற்று நிறை 184, ஹிஸ்டமினுடையது 111. உப்பில் அறுபது சதவீதமே ஹிஸ்டமின். இதை மறந்து 100 மில்லிகிராம் உப்பை 100 மில்லிலீற்றரில் கரைத்து, லேபிளில் 1 என்று எழுதினால், உள்ளே இருப்பது 0.6தான். அந்த நியமத்தோடு ஒப்பிடும்போது, உண்மையில் 70 உள்ள மீன் 116 காட்டும். நல்ல மீன் திருப்பி அனுப்பப்படும். மீட்புச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்குமா என்றால், இல்லை. மீனில் சேர்ப்பதும் அதே கரைசல், ஒப்பிடுவதும் அதே கரைசல். இரண்டு பிழையும் ஒன்றையொன்று விழுங்க, மீட்பு நூறுக்கு அருகில் அழகாக வரும். திட்பமும் குறையாது, பிழையான விடை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வரும். வெளியிலிருந்து வந்த ஒன்றே இதைப் பிடிக்கும்: வேறொருவர் வேறு புட்டியிலிருந்து தயாரித்த நியமம், அல்லது அளவு ஏற்கெனவே நிறுவப்பட்ட சான்றுப் பொருள், அல்லது பிரித்தானியாவின் ஃபாபாஸ் போன்றவை நடத்தும் ஆய்வுகூடங்களுக்கிடையிலான திறன் சோதனை. மீட்பு வீதத்துக்குப் பக்கத்தில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பவரே அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்.

சர்வதேச முறை ஏற்கெனவே பல ஆய்வுகூடங்களில் சோதிக்கப்பட்டதுதானே, மறுபடி எதற்கு என்று கேட்கலாம். முழு வலிதாக்கலைத் திரும்பச் செய்யவேண்டியதில்லை என்பது சரியே. ஆனால் முறையின் பெயர் பிசினைக் காரநிலையில் வைத்திருப்பதில்லை; அதை ஆய்வாளர்தான் செய்யவேண்டும். பிசின் சரியில்லாவிட்டால் ஹிஸ்டிடினும் இறங்கிவந்து கணக்கைக் குழப்பும். புது மீனில் நடந்த முறை தக்காளிச் சோஸில் ஊறிய ரின் மீனிலோ காய்ந்த மாசியிலோ அதே மீட்பைத் தரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. தன் கையில், தன் மாதிரி வகையில் முறை நடக்கிறது என்று காட்டும்படிதான் ஐஎஸ்ஓ 17025 தரநிலையும் கேட்கிறது.

திட்பத்தைப் பற்றி வரும் எதிர்வாதம் இன்னும் வலுவானது. ஒரே மாதிரியை மறுபடி மறுபடி சோதித்தால் விடைகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதே திட்பம். ஒருவர் ஒரே காலையில் செய்த ஆறு சோதனைகள் 3 சதவீதச் சிதறலோடு வரலாம். வேறு நாளில் வேறொருவர் செய்தால் 5 ஆகலாம், அந்த 4 நிமிடத்தை ஒருவர் கடிகாரம் பார்த்தும் மற்றவர் உத்தேசமாகவும் எண்ணினால் அதற்கு மேலும் போகலாம். 1980இல் அமெரிக்காவின் வில்லியம் ஹோர்விட்ஸ் ஏராளமான கூட்டுச் சோதனைகளைத் தொகுத்துக் கண்ட சூத்திரப்படி, 100 என்ற செறிவில் ஆய்வுகூடங்களுக்கிடையிலான சிதறல் 8 சதவீதம். அதாவது குறையில்லாத இரண்டு ஆய்வுகூடங்கள் ஒரே மீனுக்கு 22 வரை வேறுபட்ட விடை தரலாம். கொழும்பில் 93, ஐரோப்பாவில் 109 என்று வந்தால் யாரோ பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்ட அது போதாது. ஆனால், மீனுக்கு மீன் உள்ள வேறுபாடு இதைவிட எவ்வளவோ பெரிதாயிற்றே, முறையைத் தீட்டி என்ன பயன் என்பதுதான் எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஒரே ஐஸ் பெட்டியில் ஒரு மீன் 5 காட்ட, அடுத்தது வரம்பைத் தாண்டலாம். ஒரே மீனில்கூட எல்லா இடமும் ஒரே அளவு காட்டாது. மீன்களுக்கிடையிலான நியம விலகல் 40, முறையினுடையது 5 என்று வைத்தால் மொத்தம் 40.3. முறையை 5இலிருந்து 2க்குத் தீட்டினாலும் 40.05தான். அந்தப் பணத்துக்கு இன்னும் சில மீன்களைச் சோதிப்பது மேல்.

ஆனால் இந்தக் கணக்கு தன்போக்கில் மேலும் கீழும் விழும் சிதறலுக்கு மட்டுமே பொருந்தும். ஒன்பது மீனின் சராசரி எடுக்கும்போது சிதறல் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. மீட்பில் உள்ள இழப்போ, நியமக் கரைசலில் உள்ள பிழையோ ஒன்பது மீனிலும் ஒரே பக்கமாக இழுக்கும். தொண்ணூறு மீனைச் சோதித்தாலும் அது குறையாது. ஆகவே மட்டான வசதியுள்ள ஆய்வுகூடம் முதலில் பணமும் நாளும் ஒதுக்கவேண்டியது சான்றுப் பொருளுக்கும், ஒவ்வொரு நாள் சோதனைத் தொகுதியிலும் ஹிஸ்டமின் சேர்த்த ஒரு மாதிரியைச் சேர்த்து ஓட்டுவதற்கும். அறிக்கையின் வரியும் அப்போது நீளும்: ஹிஸ்டமின், 9 மாதிரிகளின் சராசரி 94, மிகக் கூடியது 131, 100க்கு மேல் 2 மாதிரிகள், மீட்பு 91 சதவீதம், திருத்தப்படவில்லை, நாட்களுக்கிடையிலான சிதறல் 5 சதவீதம், கண்டறியும் எல்லை 1.8. இந்த வரியைப் படிக்கும் வாங்குபவர் பேரம் பேசலாம், இன்னொரு சோதனை கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். ‘94, தேறியது’ என்ற வரி அவருக்கு இவற்றில் எதற்கும் இடம் வைப்பதில்லை.