உள்ளுறை வெப்பம்: பத்தி வாசித்து விடையளித்தல்

போட்டித் தேர்வுகளின் அறிவியல் பத்திகளில் சூழலில் சொற்பொருள் காணலும் ஊகித்தறிதலும் கேட்கப்படும். ஒரு மாதிரிப் பத்தி:

"நீர் 100 °C-இல் கொதிக்கும்போது, தரப்படும் வெப்பம் வெப்பநிலையை உயர்த்தாமல் ஆவியில் உள்ளுறை வெப்பமாகிறது. ஆவி மீண்டும் நீராகும்போது அது வெளிப்படுகிறது."

'உள்ளுறை' என்பதன் பொருள் யாது? உறைதல் என்பதற்குத் தங்குதல், கட்டியாதல் என இரு பொருள் உண்டு. நீரைப் பற்றிய பத்தி என்பதால் இரண்டாவது பொருள் எளிதில் ஏமாற்றும். இங்கு உறைவது நீரன்று, வெப்பம். எனவே மறைந்து தங்கியது என்பதே விடை.

அதே வெப்பநிலையிலுள்ள நீரைவிட ஆவி கடுமையாகச் சுடுவது ஏன்? 'ஆவியின் வெப்பநிலை அதிகம்' என்ற தெரிவை வினாவே மறுக்கிறது. தோலில் பட்டு நீராகும் ஆவி, உள்ளுறை வெப்பத்தையும் தோலுக்குத் தருகிறது. பத்தியில் தோல் என்ற சொல்லே இல்லை. இறுதி வரியிலிருந்து இது பெறப்படுகிறது. அவ்வெப்பம் கிராமுக்குச் சுமார் 2260 ஜூல் என்பது உண்மையே. ஆயினும் பத்தியிலிருந்து பெற முடியாததால் ஊக வினாவுக்கு அது விடையாகாது.