அடுத்த பத்தியில் பதில் இருக்கிறதா?

ஏரிகளைப் பற்றிய ஓர் ஆய்வேட்டின் வரைவு என்று வைத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் இயல் இப்படித் தொடங்குகிறது: “இந்த ஏரி சுருங்கியதற்கு ஆக்கிரமிப்பைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?” மேடையில் கேட்டால் கைதட்டல் விழும். பத்திரிகைக் கட்டுரையிலும் வாசகர் தலையாட்டிக்கொண்டே அடுத்த வரிக்குப் போவார். ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியரோ பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதுவார்: “வண்டல் படிந்திருக்கலாமே? வரத்துக்கால் தூர்ந்திருக்கலாமே?”

அவர் குறை காண்பதற்காக எழுதவில்லை. பதில் எதிர்பார்க்காத கேள்வி உண்மையில் கேள்வியே அல்ல, அது ஒரு கூற்று. தமிழ் இலக்கணம் இதை நன்றாக அறியும். ஓகாரத்துக்கு நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்களில் வினாவும் உண்டு, எதிர்மறையும் தனியாக உண்டு. “நானோ பொய் சொன்னேன்?” என்று ஒருவர் கேட்டால், நான் சொல்லவில்லை என்றுதான் பொருள். அதுபோல, “வேறு என்ன காரணம் இருக்க முடியும்?” என்பதன் பொருள் “வேறு காரணமே இல்லை” என்பது. இதையே நேரடியாக எழுதியிருந்தால், மாணவருக்கே கை தயங்கியிருக்கும். சான்று எங்கே என்று தேடியிருப்பார். கேள்வியாக எழுதியதால் அந்தத் தயக்கம் வராமல் போயிற்று.

ஆகவே ஆய்வுக் கட்டுரையில் கேள்விக்குறி வரும் இடத்திலெல்லாம் ஒன்று செய்து பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு நாம் மனதில் வைத்திருக்கும் பதிலைப் பக்கத்திலேயே முழு வாக்கியமாக எழுத வேண்டும். அந்தப் பதில் எல்லோரும் அறிந்ததாக இருந்தால் கேள்வி தேவையில்லை. “நீரின்றி வேளாண்மை உண்டா?” என்பது அப்படிப்பட்டது; எடுத்துவிட்டால் எதுவும் குறையாது. படிப்பவர் மறுக்கக்கூடிய பதிலாக இருந்தால், கேள்வியை நீக்கிவிட்டுக் கூற்றையும் அதற்கான சான்றையும் வைக்க வேண்டும். பதில் இன்னும் நமக்கே முடிவாகவில்லை, அதைத் தேடித்தான் அடுத்த பக்கங்களை எழுதப்போகிறோம் என்றால், அது உண்மையான கேள்வி. அதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. காண்டிகை உரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவையும் விடையையும் நன்னூல் சேர்க்கிறது. பழைய உரையாசிரியர்கள் படிப்பவர் மனதில் எழக்கூடிய தடையைத் தாங்களே முன்வந்து கேட்டு, “என்னை எனின்” என்று தொடங்கி உடனே விடை சொல்வார்கள். வினா வந்த இடத்தில் விடையும் வந்துவிடும்.

வாசகரை நேரே அழைப்பதிலும் இதே கணக்குதான். “ஏரிக்கரையில் நீங்கள் நின்று பார்த்தால்” என்று பத்திரிகையில் எழுதினால் வாசகர் கரைக்கு வந்துவிடுவார். ஆய்வேட்டில் நின்று பார்க்க வேண்டியவர் ஆய்வாளர். என்று பார்த்தார், எதை அளந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். “உங்களுக்கே தெரியும்”, “நாம் அனைவரும் அறிவோம்” போன்ற தொடர்கள் இன்னும் கவனத்துக்குரியவை. சான்று தர வேண்டிய பொறுப்பை அவை வாசகர் தலையில் ஏற்றிவிடுகின்றன.

இங்கே தமிழ் ஒரு வசதி தருகிறது. “நாம்” கேட்பவரையும் சேர்க்கும், “நாங்கள்” சேர்க்காது. அட்டவணை வாசகர் கண்முன்னும் இருப்பதால் “அட்டவணை 2-இல் நாம் காண்பது” என்பது சரி. “ஆழத்தை நாம் அளந்தோம்” என்பது பொருந்தாது. வாசகர் அளக்க வரவில்லை. குழுவாக அளந்திருந்தால் “நாங்கள் அளந்தோம்”, தனியாக அளந்திருந்தால் “நான் அளந்தேன்”. துறை வழக்கம் தன்மையை ஏற்காவிட்டால் “அளக்கப்பட்டது” என்று எழுதலாம். “காண்க”, “ஒப்பிடுக” என்ற வியங்கோள்களும் வாசகரை அழைப்பவைதான். ஆனாலும் அவை எந்த ஆய்வேட்டிலும் உறுத்துவதில்லை, ஏனென்றால் வாசகரைச் சான்று இருக்கும் பக்கத்துக்கே அனுப்புகின்றன.

இனி அந்த மூன்றாம் இயலை மாற்றி எழுதலாம்: “ஏரியின் நீர்ப்பரப்பு குறைந்ததற்குக் காரணம் ஆக்கிரமிப்பா, வண்டலா, வரத்துக்கால் தூர்ந்ததா?” இதுவும் கேள்விதான். ஆனால் இது வேலை வைக்கிறது. பழைய நில வரைபடத்தை இன்றைய அளவையோடு ஒப்பிட வேண்டும், படுகையைத் தோண்டி வண்டலின் ஆழத்தைப் பார்க்க வேண்டும், வரத்துக்கால் நெடுக நடந்து பார்க்க வேண்டும். இயலின் மூன்று பகுதிகளும் இந்த ஒரு வரியிலேயே அமைந்துவிட்டன. கடைசியில் ஆக்கிரமிப்புதான் காரணம் என்றே முடிவு வந்தாலும், மற்ற இரண்டும் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு வந்த முடிவாக அது இருக்கும். அந்த ஓரக்குறிப்புக்கும் பதில் கிடைத்திருக்கும்.