இடிந்து விழுந்து தேடும் குழாய்கள்

1984-ல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் டியூபுலின் புரதத்தைக் கரைசலில் இட்டு நுண்குழாய்களை வளர்த்தார்கள். வளர்ச்சி முடிந்து எல்லாம் சமநிலைக்கு வந்துவிட்டதாகத் தோன்றிய பின்பும் விடாமல் அளந்துகொண்டிருந்தார்கள். குழாய்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மிஞ்சியவற்றின் சராசரி நீளமோ கூடியது. அதாவது, ஒரே கரைசலில் சில குழாய்கள் வளர, பக்கத்திலேயே வேறு சில அடியோடு சிதைந்துகொண்டிருந்தன.

காரணம் குழாயின் நுனியில் இருக்கிறது. நுண்குழாயின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். பெரும்பாலும் 13 டியூபுலின் இழைகள் அருகருகே ஒட்டி அதன் சுவராகின்றன. புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு டியூபுலினும் மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு மூலக்கூறைச் சுமந்து வருகிறது. சுவரில் அமர்ந்த சிறிது நேரத்தில் அதில் ஒரு பாஸ்பேட் கழன்றுவிடும். அதன்பின் அந்த டியூபுலின் வெளிப்பக்கமாக வளையத் துடிக்கும். ஆனால் நுனியில் இன்னும் பாஸ்பேட் இழக்காத புதியவை தொப்பிபோல் மூடியிருப்பதால் வளைய முடியாமல் அடங்கியிருக்கும். புதியவை வந்து சேரும் வேகம் சற்றுக் குறைந்தால் தொப்பி கரைந்துபோகிறது. உடனே இழைகள் வாழைப்பழத் தோல் உரிவதுபோல் வெளியே சுருண்டு உதிர்கின்றன. இந்தச் சரிவு வளர்ச்சியைவிடப் பல மடங்கு வேகமானது. சில நேரம் பாதி வழியில் நின்று குழாய் மறுபடி வளரத் தொடங்குவதும் உண்டு.

கட்டியதை இடிப்பதில் செல்லுக்கு என்ன லாபம்? 1986-ல் அதே இருவரும் ஒரு விடை சொன்னார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்கள் எங்கே கிடக்கின்றன என்பது குழாய்க்குத் தெரியாது. தப்பான திசையில் போன குழாய் அப்படியே நின்றுவிட்டால் அதில் முடங்கிய டியூபுலின் வீண். இடிந்தால் அதே டியூபுலினைக் கொண்டு வேறு திசையில் முயலலாம். குரோமோசோமின் கைனட்டோகோர் என்ற பற்றுமுனையில் சிக்கிய குழாய் மட்டும் அவ்வளவு எளிதில் சரியாது.

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் கோன்லி ரீடர் குழுவினர் 1990-ல் இதை நேரில் கண்டார்கள். நியூட் என்ற நீர்நில வாழ் உயிரியின் நுரையீரல் செல்கள் தட்டையானவை, குரோமோசோம்கள் பெரியவை. ஆகவே நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். துருவத்திலிருந்து நீண்ட ஒற்றைக் குழாய் கைனட்டோகோரைத் தொட்டதும், குரோமோசோம் அந்தக் குழாய் வழியே துருவத்தை நோக்கி விரைந்தது. பல நேரம் குழாயின் நுனி கைனட்டோகோரைத் தாண்டிப் போயிருந்தது. பிடி விழுந்தது குழாயின் பக்கவாட்டில்தான்.

குருட்டுத் தேடல் மட்டுமே போதாது என்பதும் பிறகு புரிந்தது. மனித செல்லின் 46 குரோமோசோம்களையும் இப்படித் தற்செயலாகப் பிடிப்பதற்குப் பல மணி நேரம் ஆகும் என்று 2005-ல் வெளிவந்த ஒரு கணக்கீடு காட்டியது. செல்லோ அந்த வேலையைச் சுமார் அரைமணிக்குள் முடித்துவிடுகிறது. குரோமோசோமைச் சுற்றி ரான் என்ற புரதம் உண்டாக்கும் வேதிச் சூழல் அங்கு வந்த குழாய்களை நிலைக்கச் செய்து, தேடலை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது.

இந்த இடிபாட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்து காட்டுகிறது. அது குழாய்களை அழிப்பதில்லை, சரியவிடாமல் இறுக்கிவைக்கிறது. குழாய்கள் ஏராளமாக இருந்தும் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிய முடியாமல் செல் திணறுகிறது.