ஒரு செக், மூன்று பதில்கள்!

விருதுநகரில் ஒரு எண்ணெய் மொத்தக்கடை. அதில் நீங்கள் அக்கவுண்டன்ட் என்று வைத்துக்கொள்வோம் சார். சாத்தூர் மளிகைக்கடை அண்ணாச்சி கொடுத்த 48,000 ரூபாய் செக் பாங்கிலிருந்து திரும்பி வருகிறது. கூடவே ஒரு ரிட்டர்ன் மெமோ. அதில் காரணம்: ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’. அண்ணாச்சி, முதலாளி, சென்னை வக்கீல் மூன்று பேருமே கேட்பது ஒரே கேள்விதான்: ‘செக் என்னாச்சு?’

அண்ணாச்சிக்கு, “உங்க செக் பவுன்ஸ் ஆயிடுச்சு” என்று எழுதினால் தொலைந்தீர்கள். பஜாரில் பவுன்ஸ் என்றால் கணக்கில் காசு இல்லை என்று அர்த்தம். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர் சும்மா விடுவாரா? சரி, சுத்தத் தமிழில், ‘ஒப்ப வேறுபாட்டால் தங்கள் காசோலை மதிப்பிழந்தது’ என்று எழுதலாமா? தந்தி வந்தது போலப் பதறிவிடுவார்!

அவருக்குப் பேச்சுத் தமிழ்தான் லாயக்கு. “அண்ணாச்சி, செக் திரும்பி வந்திருக்கு. பணம் இல்லாம இல்ல. நீங்க போட்ட கையெழுத்து பாங்க்ல இருக்கறதோட ஒத்துப்போகலையாம். பாங்க்ல ‘ஸ்பெசிமன் சிக்னேச்சர்’ பாக்கணும்னு கேளுங்க. அதே மாதிரி போட்டுப் புது செக் அனுப்புங்க.” அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். கவுண்ட்டரில் அவர் அதைத்தான் உச்சரிக்க வேண்டும். ‘மாதிரி ஒப்பம்’ என்று கேட்டால், உள்ளே இருக்கிற பையன் திருதிருவென்று விழிப்பான்.

முதலாளிக்குக் கலப்படம் போதும்: “செக் ரிட்டர்ன். ஃபண்ட்ஸ் ப்ராப்ளம் இல்ல சார், சிக்னேச்சர் மிஸ்மேட்ச். புது செக் கேட்டாச்சு.” அவருக்குத் தெரிய வேண்டியது பணம் வருமா வராதா, அவ்வளவுதான்.

வக்கீலுக்கு இங்கிலீஷ்தான். மெமோவில் அச்சாகியிருக்கிற வார்த்தைகளை அப்படியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுத வேண்டும். இங்கே நம் தமிழ் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. ‘செக் திரும்பிய தேதி’ என்று எழுதினால் அது மெமோவில் போட்ட தேதியா, தகவல் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதியா? செக் கேஸ்களுக்கான 138-ஆம் பிரிவில், தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள். ஆகவே இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

எழுதியது சரியா என்று கண்டுபிடிப்பது சுலபம். அண்ணாச்சி போன் செய்து, “தம்பி, கணக்குல காசு கிடக்கே?” என்றால் உங்கள் பதில் ஃபெயில். “எந்தக் கையெழுத்துப்பா?” என்றால் பாஸ்!

விசாரித்தால் காரணமும் இப்படி இருக்கலாம்: கணக்கு ஆரம்பித்த அன்று அண்ணாச்சி போட்டது தமிழ்க் கையெழுத்து. காலேஜ் போகிற பையன் சொன்னானென்று இப்போது இங்கிலீஷில் போட ஆரம்பித்திருக்கிறார்!