கூட்டுக்குள் எத்தனை அணு?

இரும்புத் துண்டொன்றின் அணு அடுக்கைப் பாடநூலில் பார்த்தால் கனசதுரத்தின் எட்டு மூலைகளில் எட்டு உருண்டைகளும் நடுவில் ஒன்றும் இருக்கும். எண்ணினால் ஒன்பது. ஆனால் ஓர் அலகுக்கூட்டுக்கு உரிய அணுக்கள் இரண்டுதான்.

மூலையிலுள்ள அணுவைச் சுற்றி எட்டுக் கூடுகள் சந்திக்கின்றன. கீழே நான்கு, மேலே நான்கு. ஆகவே ஒரு கூட்டுக்கு அதில் எட்டில் ஒரு பங்குதான் சேரும். எட்டு மூலைகளையும் கூட்டினால் ஒரு முழு அணு. எளிய கனசதுரத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. அறைவெப்பநிலையில் இப்படி அடுங்கியிருக்கும் தனிமம் பொலோனியம் ஒன்றே. பொருள்மையக் கனசதுரத்தில் நடு அணு யாருடனும் பங்கு போடாததால் மொத்தம் இரண்டு. முகப்பு மையத்தில் நடு அணு கிடையாது. ஆறு முகங்களிலும் ஒவ்வொன்று, அதில் பாதி அடுத்த கூட்டுக்குரியது. மூன்றும் ஒன்றும் நான்கு.

இதைத் தராசில் சரிபார்க்கலாம். எக்ஸ்-கதிர் அளவீட்டின்படி இரும்புக் கூட்டின் பக்கம் 2.866 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கைப் போல 2.866 மடங்கு. இரண்டு அணுக்களின் நிறையைக் கூட்டின் கன அளவால் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.88 கிராம் வருகிறது. உண்மையான இரும்பு 7.87. ஒன்பது என்று வைத்தால் 35 கிராமைத் தாண்டும். தனிமங்களிலேயே மிக அடர்ந்த ஆஸ்மியம்கூட 22.6தான்.

அணைவு எண் வேறு கேள்வி: ஓர் அணுவை ஒட்டி எத்தனை அணுக்கள்? இதற்குப் பங்கு பிரிக்கக் கூடாது, தொடுவதை முழுதாகவே எண்ண வேண்டும். எளியதில் ஆறு: முன், பின், இடம், வலம், மேல், கீழ். பொருள்மையத்தில் நடு அணுவைத் தொடுபவை எட்டு மூலைகள். முகப்பு மையத்தில் பன்னிரண்டு. ஒரு மூலை அணுவை எடுத்துக்கொண்டால், அதன் வழியே ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செல்லும் மூன்று தளங்களிலும் நந்நான்கு முகமைய அணுக்கள் அதைத் தொடும். ஒரே கூட்டுக்குள் தேடினால் மூன்றுதான் தென்படும். பலர் தவறுவது இங்கேதான்.

இரும்பின் எட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த எட்டும் 2.48 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்க, அடுத்த ஆறு 2.87-இலேயே நிற்கின்றன. தொடாவிட்டாலும் அவற்றின் ஈர்ப்பு பிணைப்பில் சேரும்.

912 டிகிரி செல்சியஸில் இரும்பு முகப்பு மையத்துக்கு மாறுகிறது. உருண்டைகள் நிரப்பும் இடம் நூற்றுக்கு 68-லிருந்து 74 ஆவதால், இரும்பு எட்டு சதவீதம் சுருங்க வேண்டும். சுருங்குவதோ ஏறக்குறைய ஒரு சதவீதம். பன்னிரண்டு பேரோடு பிணைப்பைப் பகிரும்போது ஒவ்வொரு பிணைப்பும் சற்றுத் தளர்ந்து நீள்கிறது, அணுவே பெரிதானதுபோல. அந்த ஒரு சதவீதமும் கண்ணுக்குத் தெரியும்: மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கிய இரும்புக் கம்பி, நீண்டு தொய்ந்துகொண்டே வந்து, அந்த வெப்பநிலையைத் தாண்டும்போது சட்டென்று சற்று மேலேறும்.